‘முதல் பக்கம் நிச்சயம்’ என்கிறார்களா? எந்தச் சொல்லுக்கு என்று கேளுங்கள்!

“மேடம், உங்க கடை கூகுள்ல முதல் பக்கத்துல வர்ற மாதிரி செஞ்சு தர்றோம். மாசம் 2,999 ரூபாய்தான். வரலைன்னா பணம் வாபஸ்.”

கடை வைத்திருக்கும் பலருக்கு இப்படி ஒரு அழைப்பு வந்திருக்கும். உங்கள் கடையின் செல்பேசி எண் கூகுள் மேப்பில் எல்லோருக்கும் தெரியும்படி இருப்பதால், இவர்கள் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய வேலையே இல்லை. சிலர் தங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி நேர்மையாகவே பேசுவார்கள். சிலரோ “கூகுள் லிஸ்டிங் டிபார்ட்மெண்ட்ல இருந்து பேசறோம்” என்று ஆரம்பிப்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. இந்த வாக்குறுதி எப்போதும் பொய்யாகப் போவதில்லை. பல நேரம் அவர்கள் சொன்னபடியே முதல் பக்கத்தில் கொண்டுவந்தும் காட்டிவிடுவார்கள். ஆனாலும் கடைக்கு ஒரு புது வாடிக்கையாளர்கூட வந்திருக்க மாட்டார். அது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதல் பக்கத்தில் மூன்று இடங்கள்

உங்கள் போனில் `tailor near me` என்று தேடிப் பாருங்கள். வரும் பக்கத்தில் பொதுவாக மூன்று வகையான முடிவுகள் இருக்கும்.

முதலாவது விளம்பரம். அதன் மேல் `Sponsored` என்று எழுதியிருக்கும். இது காசு கொடுத்து வாங்கும் இடம். யாராவது அதைத் தொடும்போது பொதுவாகக் கட்டணம் போகும். பணம் நின்றால் அந்த நிமிடமே விளம்பரமும் நின்றுவிடும்.

இரண்டாவது, வரைபடத்தோடு வரும் கடைகளின் பட்டியல். பெரும்பாலும் மூன்று கடைகள் முதலில் தெரியும். இந்த இடத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. தேடிய சொல்லுக்கும் கடையின் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுபவர் நிற்கும் இடத்திலிருந்து கடை இருக்கும் தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்ற மூன்றையும் வைத்துத்தான் வரிசை அமைகிறது என்று கூகுள் தன் உதவிப் பக்கத்திலேயே சொல்கிறது.

மூன்றாவது, அதற்குக் கீழே வரும் இணையதளங்களின் பட்டியல். இதுவும் விலைக்குக் கிடைக்காது. இதில் முதலிடம் தருவதாக யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்றும் கூகுளே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது.

இதில் தூரம் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திண்டுக்கல் நாகல் நகரில் நின்று ஒருவர் தையல் கடை தேடினால் ஒரு வரிசை வரும். அதே நேரத்தில் பேருந்து நிலையத்தில் நிற்பவர் தேடினால் வேறு வரிசை வரும். அதாவது எல்லோருக்கும் பொதுவான ‘முதல் பக்கம்’ என்று ஒன்று கிடையவே கிடையாது. நம் கடையில் உட்கார்ந்து நம் போனிலேயே தேடினால் நம் கடை மேலே வருவதில் அதிசயம் எதுவும் இல்லை. இன்காக்னிட்டோ முறையில் தேடினாலும் நாம் நிற்கும் இடம் மாறிவிடாது.

உத்தரவாதம் எப்படி ‘நிறைவேறுகிறது’?

ஒரு கணக்குக்காக, நாகல் நகரில் ஒரு பெண் ஆரி வொர்க், ப்ளவுஸ் தையல் கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,999 ரூபாய் என்று ஆறு மாதத்துக்கு ஒப்புக்கொள்கிறார். மாதக் கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு ரிப்போர்ட் வருகிறது. அதில் பத்து சொற்கள் இருக்கின்றன. பத்துக்கும் நேராக ‘ரேங்க் 1’ என்று பச்சை நிறத்தில் போட்டிருக்கிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

இப்போது அந்தப் பத்து சொற்களைப் படித்துப் பார்ப்போம். முதல் மூன்றும் அவருடைய கடையின் பெயர்தான். ஊர்ப் பெயரை முன்னும் பின்னும் மாற்றி மூன்று விதமாகப் போட்டிருக்கிறார்கள். கடைப் பெயரைச் சொல்லித் தேடுபவருக்கு அந்தக் கடை முன்பும் வந்திருக்கும். 2,999 ரூபாய் கொடுக்காமலே வந்திருக்கும். மற்ற ஏழும் இந்த மாதிரி:

`best bridal aari work blouse stitching shop in nagal nagar dindigul`

கல்யாணத்துக்கு ப்ளவுஸ் தைக்க வேண்டிய ஒருவர் உண்மையில் எதைத் தேடுவார்? `aari work near me` என்றோ, `ஆரி வொர்க் திண்டுக்கல்` என்றோ நாலு சொல்லில் தேடி முடித்துவிடுவார். பதினொரு சொற்களை வரிசையாக டைப் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கிறது? அப்படித் தேடும் ஆளே இல்லை என்றால் அங்கே போட்டியும் இல்லை. போட்டி இல்லாத இடத்தில் முதலிடம் வாங்குவது சுலபம். ஆளில்லாத தெருவில் ‘இந்தத் தெருவிலேயே நம்பர் ஒன் கடை’ என்று போர்டு மாட்டுவதைப் போலத்தான் இதுவும்.

வாக்குறுதியில் ‘முதல் பக்கம்’ என்று இருந்ததே தவிர, எந்தச் சொல்லுக்கு என்று இல்லை. அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களிடமே இருந்தது. இதுதான் சூட்சுமம். ‘வரலைன்னா பணம் வாபஸ்’ என்ற நிபந்தனையும் அதனால்தான் தைரியமாகக் கொடுக்கப்படுகிறது. பின்னால் பணத்தைத் திருப்பிக் கேட்டால், “சொன்ன மாதிரி முதல் பக்கத்துல வந்திருக்கே மேடம்” என்று அதே பச்சை ரிப்போர்ட்டைக் காட்டுவார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியை விளம்பரத்துக்குச் செலவு செய்து, உங்கள் கடைப் பெயருக்கே விளம்பரம் போட்டு, ‘பாருங்க, எல்லாத்துக்கும் மேல வந்துட்டீங்க’ என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புவது. அந்தப் படத்தில் `Sponsored` என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

உண்மைக் கணக்கு உங்கள் போனிலேயே இருக்கிறது

அவர்கள் அனுப்பும் ரிப்போர்ட்டைத் தாண்டி, உங்கள் கடை எப்படித் தேடப்படுகிறது என்பதை நீங்களே பார்க்கலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் என்ற கடைப் பக்கமே இலவசம்தான்.

உங்கள் கடைப் பக்கம் எந்த ஜிமெயிலில் இருக்கிறதோ, அதில் உள்நுழைந்து கூகுளில் `my business` என்று தேடுங்கள். உங்கள் கடையை நிர்வகிக்கும் பொத்தான்கள் வரும். அதில் `Performance` என்பதைத் தொடுங்கள். ஒரு மாதத்தைத் தேர்வு செய்தால், எத்தனை பேர் உங்கள் கடைப் பக்கத்தைப் பார்த்தார்கள், எத்தனை பேர் போன் பொத்தானை அழுத்தினார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்பதெல்லாம் வரும். என்ன சொல்லைத் தேடியபோது உங்கள் கடை அவர்கள் கண்ணில் பட்டது என்ற பட்டியலும் இருக்கும். மிகக் குறைவாகத் தேடப்பட்ட சொல் என்றால் எண்ணுக்குப் பதில் `<15` என்று காட்டும். அதாவது 15-க்கும் குறைவு.

நம் தையல் கடைக்காரர் இதைத் திறந்து பார்க்கிறார். அவர்கள் ரிப்போர்ட்டில் இருந்த ஏழு நீளமான சொற்களில் ஒன்று மட்டும் `<15` என்று இருக்கிறது. மற்ற ஆறும் பட்டியலிலேயே இல்லை. இதற்கு என்ன அர்த்தம்? அந்தச் சொற்களுக்கு அவர் கடை முதலிடத்தில் இருப்பது உண்மையானால், அதைத் தேடிய ஒவ்வொருவர் கண்ணிலும் கடை பட்டிருக்க வேண்டும். யார் கண்ணிலும் படவில்லை என்றால், அந்தச் சொல்லை யாரும் தேடவே இல்லை. அவ்வளவுதான். ஆக, ரிப்போர்ட் சரியாகவே இருந்தாலும் அதனால் பயன் இல்லை என்பது தெளிவாகிவிட்டது.

அதே பட்டியலின் மேல் பகுதியில் `tailor near me`, `aari work near me` போன்ற சொற்கள் இருக்கும். நிஜமான மக்கள் நிஜமாகத் தேடுவது இவற்றைத்தான். அவர்கள் ரிப்போர்ட்டில் இந்தச் சொற்கள் ஏன் இல்லை என்று கேட்க வேண்டிய இடம் இதுதான்.

உங்களுக்கு இணையதளமும் செய்து கொடுத்திருந்தால், அதற்கான கணக்கு `Search Console` என்ற இலவசப் பக்கத்தில் இருக்கும். எந்தச் சொல்லுக்கு எத்தனை முறை தளம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அது சொல்லும். அதில் உங்கள் ஜிமெயிலையும் உரிமையாளராகச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மறுத்தால் அதுவே ஒரு பதில்தான்.

கடைசியாக ஒரு சின்னக் கணக்கு. ஆறு மாதத்துக்கு 2,999 ரூபாய் என்றால் 17,994 ரூபாய். ஒரு ப்ளவுஸ் தைத்தால் கையில் நிற்பது 150 ரூபாய் என்று வைத்தால், போட்ட பணத்தை எடுக்கவே மாதம் 20 ப்ளவுஸ், ஆறு மாதத்தில் 120 ப்ளவுஸ் கூடுதலாக வந்திருக்க வேண்டும். புதிதாக வருபவர்களிடம் “எங்களை எப்படித் தெரியும்?” என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ரேங்க் எத்தனை என்பதைவிட அந்த நோட்டு சொல்லும் எண்தான் முக்கியம்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம்

மாதக் கட்டணம் போவது ஒரு நஷ்டம். ஆனால் சில நேரம் கடைப் பக்கமே கையை விட்டுப் போய்விடும். இது இரண்டு விதமாக நடக்கிறது.

ஒன்று, விதிமீறல். சீக்கிரம் மேலே கொண்டுவர வேண்டும் என்பதற்காகக் கடையின் பெயரையே மாற்றிவிடுவார்கள். போர்டில் இருக்கும் பெயரோடு ‘பெஸ்ட் ஆரி வொர்க் ப்ளவுஸ் டெய்லர் திண்டுக்கல்’ என்று வாலைச் சேர்ப்பார்கள். கடையின் நிஜப் பெயர் எதுவோ அதை மட்டும்தான் போட வேண்டும் என்பது கூகுளின் விதி. அதேபோல, வராத வாடிக்கையாளர் பெயரில் ஐந்து நட்சத்திர ரிவியூக்களைக் கொத்தாகப் போடுவதும் விதிமீறல். இப்படிச் செய்தால் பக்கம் முடக்கப்படலாம், ரிவியூக்கள் நீக்கப்படலாம். பல வருடமாக நிஜ வாடிக்கையாளர்கள் எழுதிய நல்ல வார்த்தைகளும் சேர்ந்து மறைந்துபோனால் அதற்கு யார் விலை கொடுப்பது?

இரண்டாவது, உரிமை. “வெரிஃபிகேஷன் கோடு வரும், சொல்லுங்க மேடம்” என்று கேட்டு வாங்கி, கடைப் பக்கத்தைத் தங்கள் ஜிமெயிலில் பதிவு செய்துகொள்வார்கள். அப்போது கடை உங்களுடையது, பக்கம் அவர்களுடையது. நீங்கள் பணம் கட்டுவதை நிறுத்தினால் போன் எண்ணை மாற்றவோ, கடை மூடப்பட்டது என்று காட்டவோ அவர்களால் முடியும். எனவே அந்தக் குறியீட்டை வங்கி ஓடிபி போலவே நினைத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இப்போதே ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். மேலே சொன்ன அதே இடத்தில் மூன்று புள்ளிகளைத் தொட்டு, `Business Profile settings`, பிறகு `People and access` என்று செல்லுங்கள். உங்கள் ஜிமெயிலுக்கு நேராக `Primary owner` என்று இருக்க வேண்டும். வேலை செய்து தருபவருக்கு `Manager` என்ற நிலை போதும். மேனேஜரால் படம், நேரம் எல்லாம் மாற்ற முடியும். ஆனால் உங்களை வெளியேற்ற முடியாது. உங்களுக்கோ ஒரே தொடுதலில் அவரை நீக்க முடியும்.

பக்கம் ஏற்கெனவே வேறொருவர் கையில் இருந்தால் பதற வேண்டாம். `business.google.com/add` என்ற முகவரிக்குச் சென்று உங்கள் கடைப் பெயரைத் தேர்ந்தெடுத்தால், `Request access` என்று கேட்கும். விண்ணப்பித்தால் இப்போது வைத்திருப்பவருக்குத் தகவல் போகும். பதில் சொல்ல அவருக்கு மூன்று நாள் அவகாசம். பதில் வரவில்லை என்றால், கடை உங்களுடையது என்று சரிபார்த்து நீங்களே எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு வரலாம். உரிமை கிடைத்த பிறகும் மற்றவர்களை நீக்க ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அதனால் இதைத் தள்ளிப்போடாமல் ஆரம்பிப்பது நல்லது.

‘கூகுளிலிருந்து பேசுகிறோம்’ என்றால்?

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2018-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், ஃபுளோரிடாவில் இயங்கிய ஒரு குழுமத்தின் மீது வழக்குப் போட்டது. பதிவு செய்யப்பட்ட குரலில் கடைகளுக்கு அழைத்து, கூகுள் சார்பில் பேசுவதாகக் காட்டிக்கொண்டார்கள். உங்கள் கடை ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று காட்டப்படும் என்று பயமுறுத்தினார்கள். 300 முதல் 700 டாலர் வரை வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. முதல் பக்கத்தில் இடம் என்ற உத்தரவாதமும் அதில் இருந்தது.

பயமும் அவசரமும் சேர்ந்து வந்தால் அழைப்பைத் துண்டித்துவிடலாம். கடைப் பக்கத்தைத் தொடங்கவோ, வைத்திருக்கவோ, மேலே காட்டவோ கூகுள் கட்டணம் கேட்பதில்லை. யார் கேட்டாலும் அவர் கூகுள் அல்ல.

பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள்

இந்தத் தொழிலில் நேர்மையாக வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். கடையின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது, நேரம், விடுமுறை நாள், படங்கள், சேவைப் பட்டியல் எல்லாவற்றையும் சரியாக வைப்பது, ரிவியூவுக்குப் பதில் எழுதுவது, இணையதளத்தைச் செம்மைப்படுத்துவது என்று செய்யும் வேலையைச் சொல்லி அதற்குக் கூலி கேட்பார்கள். முடிவுக்கு உத்தரவாதம் கொடுக்க மாட்டார்கள். இருவரையும் பிரித்துப் பார்க்க இந்த நான்கு கேள்விகள் போதும்.

1. எந்தெந்தச் சொற்களுக்கு? சொற்களை நீங்கள் கொடுங்கள். உங்கள் `Performance` பட்டியலின் மேல் பகுதியிலிருந்து ஐந்தை எடுத்துக் கொடுத்தால் போதும்.
2. விளம்பரத்திலா, வரைபடத்திலா, தளங்களின் பட்டியலிலா? விளம்பரம் என்றால் 2,999 ரூபாயில் விளம்பரத்துக்கு எவ்வளவு, அவர்கள் கூலி எவ்வளவு?
3. மாதாமாதம் என்ன வேலை செய்வீர்கள்? கடைப் பெயரை மாற்ற மாட்டோம், போலி ரிவியூ போட மாட்டோம் என்பதையும் சேர்த்து எழுதி வாங்குங்கள்.
4. நிறுத்த வேண்டும் என்றால் எப்படி? எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், கடைப் பக்கமும் இணையதள முகவரியும் யார் பெயரில் இருக்கும்?

பதில்கள் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் இருக்கட்டும். போனில் சொன்ன வாக்குறுதியைப் பின்னால் நிரூபிப்பது கஷ்டம். அதிலும் எந்தச் சொல் என்று எழுதாத ‘முதல் பக்க’ உத்தரவாதத்தை எதிர்த்துப் புகார் செய்வது இன்னும் கஷ்டம்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா?

முதலில் அடுத்த மாதப் பணம் போகாமல் நிறுத்துங்கள். யுபிஐ ஆட்டோபே மூலம் போகிறது என்றால், நீங்கள் பயன்படுத்தும் யுபிஐ செயலியில் `Autopay` பகுதியைத் திறந்து, அந்த நிறுவனத்தின் பெயரைத் தொட்டு ரத்து செய்யலாம். அவர்கள் சம்மதம் தேவையில்லை. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த எஸ்எம்எஸ் வரும்போது கவனியுங்கள். கார்டு மூலம் போகிறது என்றால் உங்கள் வங்கியிடம் சொல்லுங்கள்.

அடுத்து `People and access` பகுதியில் அவர்களை நீக்குங்கள். கடைப் பெயரில் வால் சேர்த்திருந்தால் போர்டில் உள்ளபடி திருத்துங்கள். ரிப்போர்ட்டுகள், உரையாடல்கள், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

புகார் எங்கே செய்வது என்பது நடந்ததைப் பொறுத்தது. கூகுள் என்று பொய் சொல்லியோ, ஓடிபி வாங்கியோ பணம் எடுத்திருந்தால் அது சைபர் மோசடி. உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள் அல்லது `cybercrime.gov.in` தளத்தில் பதிவு செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். நிறுவனம் நிஜமானதுதான், சொன்ன வேலையைச் செய்யவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்பதால் அது நுகர்வோர் சட்டத்தில் வருமா என்ற கேள்வி எழலாம். பிழைப்புக்காக நீங்களே நடத்தும் சிறு கடை என்பதைப் புகாரில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அடுத்த முறை அழைப்பு வரும்போது நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. “எந்தச் சொல்லுக்குங்க? அதை மாசம் எத்தனை பேர் தேடுறாங்க?” என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரோடு மேற்கொண்டு பேசலாம்.